கங்காணி அடித்தாரா, இல்லையா?

சென்ற மாதம் ரவாங்கிலிருந்து ஒரு தம்பி எனக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தார். 86 வயதான தம் தாத்தாவை உட்காரவைத்து, பழைய தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்லி 11 நிமிடக் காணொளி எடுத்திருக்கிறார். தாத்தா பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதியாகிவிட்டது. அதைத் துண்டு துண்டாக வெட்டி சப்டைட்டில் போடும் வேலையை அவரும் அவருடைய சித்தப்பா மகனும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வேலை முடிந்தபின்தான் சிக்கல். "அக்கா, தாத்தா சொல்றது ஒன்னு, கீழ வர்றது ஒன்னா இருக்கு. ஆனா எழுத்துல ஒரு பிழைகூட இல்ல" என்றார்.

கோப்பை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், எழுத்துப் பிழை கிடையாது. வெட்டிய இடம்தான் தவறு. தாத்தா ஓரிடத்தில் இப்படிப் பேசுகிறார்: "கங்காணி எங்கள அடிச்சாரு..." என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துகிறார். பிறகு, "அப்படின்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அவர் வந்தா எல்லாருக்கும் பயம்" என்கிறார்.

சப்டைட்டிலில் முதல் கட்டம் "கங்காணி எங்கள அடிச்சாரு" என்று திரையில் வந்து, இரண்டு வினாடி நின்று, மறைகிறது. அதன் பிறகுதான் அடுத்த கட்டம், "அப்படின்னு நான் சொல்லமாட்டேன்". அந்த இரண்டு வினாடியில் கைப்பேசித் திரையை யாராவது படம் பிடித்துக் குடும்ப வாட்சாப் குழுவில் போட்டால் என்ன ஆகும்? கங்காணியின் பேரப்பிள்ளைகளும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். தாத்தா மறுத்த ஒரு குற்றச்சாட்டை அவர் வாயாலேயே சொல்லவைத்துவிட்டது ஒரு வெட்டு.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஆங்கிலத்தில் "நான் சொல்லமாட்டேன்" என்பது வாக்கியத்தின் தலைப்பக்கம் வந்துவிடும். கேட்பவருக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது, வரப்போவது மறுப்பு என்று. தமிழில் தீர்ப்பு எப்போதும் வாலில்தான் இருக்கும். இல்லை, மாட்டேன், முடியாது, வேண்டாம், கூடாது எல்லாம் கடைசியில் வருகின்றன. ஆகவே ஆங்கில சப்டைட்டிலுக்குச் சொல்லப்படும் விதிகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் நமக்குப் பாதிதான் உதவும். இணைப்புச் சொல்லுக்கு முன்னால் வெட்டு என்பது அவர்கள் வழக்கம். நம்முடைய "என்று", "அப்படின்னு" போன்ற சொற்கள் தங்களுக்கு முன்னால் உள்ளதைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. அவற்றுக்குப் பின்னால்தான் வெட்ட வேண்டும்.

தாத்தாவின் அந்த இடத்தை இப்படி மாற்றினோம்:

```
41
00:03:41,200 --> 00:03:46,000
கங்காணி எங்கள அடிச்சாரு அப்படின்னு
நான் சொல்லமாட்டேன்.

42
00:03:46,100 --> 00:03:48,700
ஆனா அவர் வந்தா
எல்லாருக்கும் பயம்.
```

முழு வாக்கியமும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிட்டது. தாத்தா வாயால் சொல்லி முடிப்பதற்கு முன்னால் பார்ப்பவர் படித்து முடித்துவிடுவார் என்பது உண்மை. அந்த நிறுத்தத்தின் அழகு கொஞ்சம் போய்விடுகிறது. ஆனால் பொய் சொல்லும் இரண்டு வினாடியைவிட அது பரவாயில்லை. நிறுத்தம் மிக நீளம், நடுவில் தாத்தா ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார் என்று வையுங்கள். அப்போது இரண்டு கட்டமாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்படிப் பிரிக்கும்போதும் "அப்படின்னு..." என்ற சொல்லை முதல் கட்டத்திலேயே வைத்து, மூன்று புள்ளியும் இட வேண்டும். வாக்கியம் முடியவில்லை, இன்னும் ஏதோ வருகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மேலே உள்ள வடிவத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இது `.srt` என்ற கோப்பு. சாதாரண நோட்பேடில்கூடத் திறந்து எழுதலாம். முதல் வரியில் எண், அடுத்த வரியில் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதன்கீழ் ஒன்றோ இரண்டோ வரி வசனம், பிறகு ஒரு வெற்று வரி. வினாடிக்குப் பிறகு வருவது காற்புள்ளி. அதன் பிறகு வரும் மூன்று இலக்கம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காற்புள்ளிக்குப் பதிலாக முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் சில இயக்கிகள் அந்தக் கட்டத்தையே காட்டாமல் விட்டுவிடும். இரண்டு கட்டத்துக்கு நடுவில் வெற்று வரியை விட்டுவிட்டால் அடுத்த கட்டத்தின் எண்ணும் நேரமும் அம்புக்குறியோடு திரையிலேயே வந்து நிற்கும். அதைக் கண்டால் எங்கே தவறு என்று தேட வேண்டியதில்லை, அதற்கு முந்தைய கட்டத்தின் அடியில் பாருங்கள். சேமிக்கும்போது `UTF-8` என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

இனி அளவுக்கு வருவோம். ஒரு கட்டத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஒரு வரிக்கு எத்தனை எழுத்து? நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் ஆங்கில சப்டைட்டிலுக்கு வைத்திருக்கும் வரம்பு 42. ஒரு கட்டம் 7 வினாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்பதும் அவர்கள் விதி. ரவாங் தம்பியும் இந்த 42ஐத்தான் எடுத்துக்கொண்டார். நல்லதுதான். ஆனால் கணினி தமிழை எண்ணும் விதம் நாம் எண்ணும் விதம் இல்லை.

"தம்புசாமி பிள்ளை" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் 8 எழுத்து என்பார், நடுவில் ஓர் இடைவெளி. கணினியைக் கேட்டால் 16 என்கிறது. காரணம், அது "பு" என்பதை ஒரு பகரமும் ஓர் உகரக் குறியுமாக இரண்டாக எண்ணுகிறது. "ம்" என்றால் ஒரு மகரம், ஒரு புள்ளி. மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்குக்கூடத் தனிக் கணக்கு. ஆகவே கணினிக் கணக்கில் 42 என்றால் கண்ணுக்குத் தெரியும் தமிழ் எழுத்து ஏறத்தாழ 25 மட்டுமே. இது குறைவு என்று யாரும் கவலைப்பட வேண்டாம். "ணை", "ஞா", "னௌ" மாதிரி எழுத்துகள் பிடிக்கும் அகலத்துக்கு அந்த 25 போதுமானதே. ஆனால் ஒருவர் கையால் எண்ணி 42 தமிழ் எழுத்து போட, இன்னொருவர் மென்பொருளை நம்பி 42 போட்டால், ஒரே காணொளியில் பாதி வரிகள் கைப்பேசித் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால் எந்தக் கணக்கு என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

அந்தக் காணொளியின் தொடக்கத்தில் தம்பி தம் குரலில் ரவாங்கின் கதையைச் சொல்கிறார். நம்மவர்களில் பலருக்குத் தெரியாத கதை அது. நாட்டில் மின்சாரம் முதலில் வந்தது கோலாலம்பூருக்கு என்று நினைக்கிறோம். 1894இல் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக மின்னாக்கி வைத்தவர்கள் லோக் இயூவும், பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்த நம் கே. தம்புசாமி பிள்ளையும். தம்பி பேசிய வாக்கியங்களைச் சித்தப்பா மகன் 42 எழுத்து நிரம்பும்வரை நிரப்பி, நிரம்பிய இடத்தில் வெட்டியிருந்தார். வந்தது இது:

```
1
1894இல் லோக் இயூவும் கே. தம்புசாமி
பிள்ளையும் ரவாங்கில் இருந்த தங்கள் ஈயச்

2
சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க மின்னாக்கி
நிறுவினார்கள். மலாயாவில் சுரங்கத்துக்கு

3
மின்சாரத்தை முதலில் பயன்படுத்தியவர்கள்
அவர்கள்தான்.
```

நேரத்தை இங்கே நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு வரியும் 42க்குள் அடங்கியிருக்கிறது, மென்பொருள் எந்தக் குறையும் சொல்லாது. ஆனால் படித்துப் பாருங்கள். முதல் வரியில் தம்புசாமியைப் பிள்ளையிடமிருந்து பிரித்தாயிற்று. இரண்டாவது வரி "ஈயச்" என்று முடிகிறது. அந்த "ச்" எதற்காக வந்தது? அடுத்து "சுரங்கம்" வருவதால் வந்தது. சுரங்கமோ அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. காலில்லாத செருப்பு மாதிரி அந்த ஒற்று மட்டும் திரையில் கிடக்கிறது.

இதை நான் ஒரு நல்ல எச்சரிக்கை மணியாகவே வைத்திருக்கிறேன். ஒரு கட்டத்தின் கடைசி எழுத்து க், ச், த், ப் ஆக இருந்தால் வெட்டு பெரும்பாலும் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. இலக்கணம் படித்த ஆசிரியர்கள் நமக்கு வலிமிகும் இடங்களைச் சொல்லிக்கொடுத்தபோது, இந்த இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டவை, பிரிக்காதே என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவு ஒட்டு இல்லை. "ஈயச் சுரங்கம்" பிரிக்கவே கூடாது. "மின்சாரத்தைப் பயன்படுத்தி" என்பதில் வேறு வழியில்லாவிட்டால் "மின்சாரத்தை"யோடு வரியை முடிக்கலாம். அப்படிக் கட்டமே முடிகிறது என்றால் அந்த "ப்"பை நான் எடுத்துவிடுவேன். ஒரே கட்டத்தில் மேல் வரியிலிருந்து கீழ் வரிக்குப் போகிறது என்றால் விட்டுவிடுவேன், கண் உடனே அடுத்த சொல்லைப் பிடித்துவிடும்.

இரண்டாவது கட்டத்தில் இன்னொரு கோளாறு. ஒரு வாக்கியத்தின் வாலும் அடுத்த வாக்கியத்தின் தலையும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. "நிறுவினார்கள்" என்று ஒரு விஷயம் முடிந்து கண் ஓய்வெடுக்கப் பார்க்கிறது, அதற்குள் "மலாயாவில் சுரங்கத்துக்கு" என்று இழுத்துவிட்டு அந்தரத்தில் விட்டுவிடுகிறது. இரண்டு சிறு வாக்கியங்கள் முழுமையாக ஒரு கட்டத்தில் இருந்தால் தவறில்லை. முக்கால் வாக்கியமும் கால் வாக்கியமும் இருப்பதுதான் தொல்லை.

அதே சொற்கள், ஒன்றைக்கூட மாற்றாமல், வேறு இடத்தில் வெட்டியது:

```
1
00:00:12,400 --> 00:00:17,200
1894இல் லோக் இயூவும்
கே. தம்புசாமி பிள்ளையும்

2
00:00:17,300 --> 00:00:22,200
ரவாங்கில் இருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில்
தண்ணீர் இறைக்க மின்னாக்கி நிறுவினார்கள்.

3
00:00:22,300 --> 00:00:26,900
மலாயாவில் சுரங்கத்துக்கு மின்சாரத்தை
முதலில் பயன்படுத்தியவர்கள் அவர்கள்தான்.
```

கட்டங்களின் எண்ணிக்கை அதே மூன்றுதான், கூடவில்லை. முதல் கட்டத்தில் "யார்" என்பது மட்டும், ஆளுக்கு ஒரு வரி. இரண்டாவதில் மேலே "எங்கே", கீழே "என்ன செய்தார்கள்". அந்த மேல் வரியைக் கணினி 41 என்று எண்ணும். வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, ஆனாலும் "இருந்த" என்பதற்குப் பின்னால் நான் வெட்டமாட்டேன். "இருந்த", "வந்த", "வளர்த்த" போன்ற சொற்கள் தமக்குப் பின்னால் வரும் பெயருக்காகக் கை நீட்டிக்கொண்டு நிற்பவை. "எங்களை வளர்த்த" என்று ஒரு கட்டம் முடிந்து, "பெரியம்மா" என்று அடுத்தது தொடங்கினால், இடையில் உள்ள நேரம் முழுக்க வளர்த்தது யார் என்று மனம் தேடிக்கொண்டே இருக்கும். வினைச்சொல் இரண்டு சேர்ந்து வரும் இடமும் அப்படித்தான். "வேலைக்கு வந்து" என்று விட்டுவிட்டுக் "கொண்டிருந்தோம்" என்று தொடங்கினால், எதைக் கொண்டுவந்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

முதல் கட்டத்தில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். தம்பி வாயால் சொன்னது "ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்காம் ஆண்டில்". எழுதியது 1894இல். சொல்ல எடுக்கும் நேரம் நீளம், படிக்க எடுக்கும் நேரம் குறைவு. அதனால்தான் அந்தக் கட்டத்துக்கு 4.8 வினாடி தாராளமாக இருக்கிறது. ஆனால் தாத்தாவின் பேச்சில் "நாலஞ்சு பேரு" என்று வந்தால் அதை 4, 5 என்று எழுதுவது அநியாயம். அங்கே எண் முக்கியமில்லை, பேச்சுதான் முக்கியம். அவர் ஈயச் சுரங்கத்தை "லம்பம்" என்றார். அதையும் தொடவில்லை. மலாய்ச் சொல்லிலிருந்து நம் வாயில் உருண்டு வந்த சொல் அது. தாத்தா பேசும் தமிழுக்கு அதுதான் பத்திரம்.

படிக்க நேரம் போதுமா என்பதற்கு என் கணக்கு எளிது. கணினி எண்ணும் எழுத்தை வினாடியால் வகுத்தால் 17க்குள் இருக்க வேண்டும். மேலே இரண்டாவது கட்டத்தில் 81 எழுத்து, 4.9 வினாடி. வகுத்தால் 16.5 வருகிறது, கொஞ்சம் நெருக்கடிதான், ஆனால் தேறிவிடும். வகுத்துப் பார்க்கச் சோம்பலாக இருந்தால் செய்தி வாசிக்கும் வேகத்தில் அந்தக் கட்டத்தை வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் முடிப்பதற்குள் மறைந்தால், தமிழைத் தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது நிச்சயம் பத்தாது. சப்டைட்டில் எடிட் போன்ற இலவச மென்பொருளில் இந்த எண் பக்கத்திலேயே தெரியும், வரம்பு மீறினால் சிவப்பாகிவிடும். சிவப்பைக் கண்டதும் சொற்களைக் குறைக்கப் போகாதீர்கள். முதலில் அடுத்த கட்டம் தொடங்கும் வரை உள்ள வெற்று நேரத்தைப் பாருங்கள். தாத்தாக்கள் மூச்சு வாங்கும் இடமெல்லாம் நமக்கு நேரம்தான்.

மூச்சைப் பற்றி வானொலிக்காரி ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டேன். எங்கள் பிரதியில் மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் ஒரு சாய்கோடு போட்டுக்கொள்வோம். அந்தக் கோடுகளில் வெட்டினால் சப்டைட்டில் பத்துக்கு எட்டு சரியாக வந்துவிடும். ஏனென்றால் எழுதியதைப் படிப்பவர் அர்த்தம் முடிகிற இடத்தில் மூச்சு விடுகிறார். மனம்விட்டுப் பேசுபவர் அப்படி இல்லை. அவர் அடுத்த சொல்லைத் தேடும் இடத்தில் நிறுத்துகிறார். "அந்த... லம்பத்துல வந்து... அந்த" என்று தாத்தா நிறுத்துவதெல்லாம் அர்த்தத்தின் நடுவில். ஆகவே நேரத்தைத் தாத்தாவின் குரலிலிருந்து எடுங்கள், வெட்டும் இடத்தை வாக்கியத்திலிருந்து எடுங்கள். கங்காணி விஷயத்தில் நடந்தது இதுதான். சித்தப்பா மகன் அலைவடிவத்தைப் பார்த்து, அமைதி தெரிந்த இடத்தில் வெட்டிவிட்டார்.

இரண்டு கட்டங்களை ஒன்றாக்கினால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் ஒன்று குறைய வேண்டும். பெரும்பாலான இயக்கிகள் நேரத்தைப் பார்த்துத்தான் ஓடும், எண் தவறினால் ஒன்றும் சொல்லாது. எண் இருப்பது மனிதர்களுக்காக. "73ஐப் பாருங்க, பெரியப்பா பேரு தப்பா இருக்கு" என்று அத்தை சொல்லும்போது எல்லாரும் ஒரே 73ஐப் பார்க்க வேண்டும். ஆகவே வீட்டில் எல்லாரும் பார்த்துத் திருத்தம் சொல்லி முடிக்கும்வரை எண்களை மாற்றாமல் வைத்திருங்கள், கடைசியில் மென்பொருளில் ஒரே சொடுக்கில் வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

சரிபார்ப்பதற்கு இரண்டு வழி. முதலாவது, ஒலியை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் பார்ப்பது. தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் போகும் கொம்யூட்டரில் ரவாங்கில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இறங்குபவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் பார்க்கிறார்கள். காது மங்கிய பெரியவர்களும் அப்படித்தான். மடிக்கணினியில் அழகாகத் தெரிந்த 41 எழுத்து வரி சின்னத் திரையில் மூன்றாக மடிகிறதா என்று அங்கேதான் தெரியும்.

இரண்டாவது வழிக்குப் பொறுமை வேண்டும். கோப்பைத் திறந்து ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக, முன்னதையும் பின்னதையும் காகிதத்தால் மறைத்துக்கொண்டு படிப்பது. அரைகுறையாக நின்றால் பெரிய குற்றமில்லை, அடுத்த கட்டம் வந்து சரிசெய்துவிடும். முழு வாக்கியம் போலவே நின்று, பேசியவர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறதா என்பதைத்தான் தேட வேண்டும். தாத்தாவின் 11 நிமிடத்தில் மொத்தம் 138 கட்டங்கள். கங்காணியைத் தவிர இன்னும் இரண்டு அகப்பட்டன. ஒன்று, "நான் பள்ளிக்கூடம் போனேன்" என்று நின்று, "ன்னு வெளிய சொல்லிக்க முடியாது, மூணு மாசம்தான்" என்று அடுத்ததில் போனது. மற்றொன்று பாட்டியைப் பற்றியது. "அவள எனக்குப் பிடிக்கும்" என்ற கட்டத்துக்கு அடுத்து "னு அப்ப தெரியல" என்று வருகிறது. அதை மட்டும் சேர்க்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று பாட்டி சொல்லிவிட்டாராம்.